சத்துமா வேண்டியோர்

சத்துமாவை யாரும் அரிப்பதில்லை. அரிசிமா என்றால் புட்டுக்கு எடுக்கும்போது ஒருமுறை அரிதட்டில் போட்டுத் தட்டுவார்கள்; கல்லோ தும்போ இருந்தால் அங்கேயே நின்றுவிடும். சத்துமாவை அப்படியே தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, ஆற்றி, குழந்தைக்கு ஊட்டிவிடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குசினி நிலத்தில் குந்தியிருந்தபோது எனக்கு இது ஒன்றுதான் திரும்பத் திரும்ப நினைவில் வந்தது. என் கையில் பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம். அதன் விளிம்பில், மாவுக்குள்ளிருந்து வந்த கம்பித் துண்டுகள், மயிர் மாதிரி.

அச்சுவேலியில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில்தான் என் தொழில். சிவப்பரிசி, உழுந்து, பயறு, கடலை, சோளம் எல்லாவற்றையும் நானே வறுத்து, பக்கத்து மில்லில் கொடுத்து அரைப்பித்து, பைக்கற் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பேன். ஞாயிறுகளில் கணவர் கொஞ்சத்தைக் கொடிகாமம் சந்தைக்குக் கொண்டுபோய் நேரடியாகவும் விற்பார். அன்று அவர் விற்று முடித்துச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரம்தான் மில்காரர் கோல் எடுத்தார். இயந்திரத்தைத் துப்புரவாக்கும்போது பார்த்தாராம், உள்ளே இருக்கிற கம்பிச் சல்லடை கிழிந்திருக்கிறதாம். "உங்கடை மாவை ஒருக்கா பாருங்கோ, பிள்ளை" என்றார். பார்த்தோம்.

கடைகளுக்குப் போன பைக்கற்றுகள் பெரிய பாடில்லை. எந்தக் கடைக்கு எவ்வளவு போனது என்று எனக்குத் தெரியும். உடனேயே கோல் எடுத்து நிற்பாட்டினேன். ஒரு கடைக்காரர் மட்டும் "இவ்வளவுதானோ, நான் என்னவோ ஏதோ எண்டு பயந்துபோனன்" என்று சிரித்தார். அவருக்குப் பேரப்பிள்ளைகள் இல்லைப்போலும். சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவித்தோம். ஆனால் சந்தையில் வாங்கியவர்கள் யார்? சைக்கிளில் வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், மரக்கறி வாங்க வந்த இடத்தில் இதையும் ஒன்று எடுத்துப் பைக்குள் போட்டவர்கள். முகம் கூட நினைவில்லை என்று கணவர் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார்.

முகநூலில் போட்டேன். கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் சொந்தக்காரர்கள் வந்து "கடவுளே" என்று எழுதிவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவரும் கொடிகாமம் சந்தையில் மா வாங்கவில்லை. திங்கள் காலமை கணவர் மட்டையில் பெரிய எழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு சந்தை வாசலில் நிற்கப் போனார். நான் பேப்பரில் விளம்பரம் கொடுக்கப் போனேன்.

அச்சுவேலியில் பேப்பருக்கு விளம்பரம் எடுக்கிற கடை ஒன்றுதான் எனக்குத் தெரியும். போட்டோக்கொப்பி எடுக்கிற, லைற் பில் கட்டுகிற கடை. அங்கே இருக்கிற அண்ணை நல்ல பகிடிக்காரர். மரண அறிவித்தல் கொடுக்க வருகிறவர்களைக்கூட ஒரு நிமிடம் சிரிக்கவைத்துத்தான் அனுப்புவார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் இருந்த பகிடி எல்லாம் போய்விட்டது. அவர் பயந்ததைப் பார்த்து எனக்கு இன்னும் கூடப் பயம் பிடித்தது.

நான் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போயிருந்தேன். "கொடிகாமம் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் சத்துமா வேண்டியவர்களின் கவனத்திற்கு. அரைக்கும் இயந்திரத்தின் சல்லடை கிழிந்ததால் மாவில் சிறு கம்பித் துண்டுகள் கலந்திருக்கலாம். தயவுசெய்து குழந்தைகளுக்கோ பெரியவர்களுக்கோ கொடுக்க வேண்டாம். பைக்கற்றை மீளத் தருவோருக்கு இருமடங்கு பணம் தரப்படும்." பிறகு 'தொடர்புகளுக்கு' என்று போட்டு என் தொலைபேசி இலக்கம். இருமடங்கு என்பது என் யோசனை. சும்மா திருப்பித் தாருங்கள் என்றால் யார் பஸ் ஏறி வருவார்கள்? ஆசை காட்டினால்தான் வருவார்கள் என்று நினைத்தேன்.

அண்ணை வாசித்துவிட்டுப் பேப்பர் கந்தோருக்குக் கோல் எடுத்தார். கொஞ்ச நேரம் "ஓம், ஓம், விளங்குது" என்று கதைத்துவிட்டுக் கையால் ரெலிபோனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நாளைப் பேப்பருக்குப் பெட்டி விளம்பரம் முடிஞ்சுதாம், தங்கச்சி. புதன்கிழமைக்குத்தான் ஏலும். சிறு விளம்பரத்திலை ஆரோ காணி விக்கிறவர் தன்ரை விளம்பரத்தை எடுத்துப்போட்டாராம். அந்த இடம் கிடக்கு. எட்டுச் சொல்."

"எட்டோ?"

"எட்டு. நம்பரும் ஒரு சொல்."

புதன்கிழமை வரைக்கும் எத்தனை நேரச் சாப்பாடு. ஒரு நாளைக்கு ஒரு குழந்தை மூன்று தரம் சாப்பிடும். நான் இரண்டையும் போடச் சொன்னேன்: புதன்கிழமைக்குப் பெட்டி, நாளைக்கு அந்த எட்டுச் சொல். அதையும் பின்னேரம் நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும் என்றார்கள்.

இரண்டு பேரும் குந்திவிட்டோம். அண்ணை சிவப்புப் பேனாவால் முதல் வெட்டாகத் 'தயவுசெய்து' வை வெட்டினார். "எங்கடை சனத்துக்கு உது இல்லாமல் ஒரு வரி எழுத ஏலாது" என்றார். பிறகு 'தரப்படும்' போனது; பணம் என்றாலே தரப்படுவதுதான். 'தொடர்புகளுக்கு' போனது, இலக்கத்தைப் பார்த்தால் அது தொடர்புக்குத்தான் என்று யாருக்கும் தெரியும். சேர்த்து எழுதினால் ஒரு சொல்லாக எண்ணுவார்கள், அதனால் 'மீளத் தருவோருக்கு' என்பதை 'மீளத்தரின்' ஆக்கினோம். நான் 'கம்பிகலந்தமாவுண்ணாதீர்' என்று ஒரே மூச்சில் எழுதிக் காட்டினேன். "உப்பிடிக் கோத்தால் அங்கை பிரிச்சுப்போட்டு எண்ணுவினம்" என்று திருப்பித் தந்துவிட்டார். 'கொடிகாமம் சந்தையில்' இரண்டு சொல். 'கொடிகாமத்தில்' ஒன்று.

"என்ரை மாவின்ரை பேர்?" என்றேன்.

"பைக்கற்றிலை உங்கடை நம்பர் ஒட்டியிருக்கோ?"

"ஓம்."

"அப்ப பேர் தேவையில்லை. நம்பரை வைச்சே தங்கடைதான் எண்டு பிடிப்பினம். அதாலை நம்பரிலை கை வைக்கக் கூடாது. இருமடங்கிலையும் கை வைக்கக் கூடாது. உந்த ரெண்டும் இல்லாட்டி ஒருத்தரும் கோல் எடுக்கமாட்டினம்."

கடைசியில் நின்றது இதுதான்:

கொடிகாமத்தில் சத்துமா வேண்டியோர் உண்ணாது மீளத்தரின் இருமடங்கு பணம்.

பிறகு என் இலக்கம். எட்டு. கம்பி இல்லை. "அண்ணை, பணத்தை எடுத்துப்போட்டுக் கம்பியைப் போடுவமே" என்றேன். "இருமடங்கு எது எண்டு கேப்பினம், மாவோ?" என்றார். கொடிகாமத்தை எடுப்போமா என்று கேட்டேன். அப்படியென்றால் குடாநாடு முழுக்க ஆர் ஆரோ செய்த மாவெல்லாம் என் வீட்டு வாசலுக்கு வரும் என்றார். சொன்னது எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. "உண்ணாது எண்டு கிடக்குத்தானே. காரணமில்லாமல் ஆரும் உண்ணாதை எண்டு சொல்லுவினமோ? சனம் விளங்கும்" என்றார்.

கந்தோரில் இருந்து ஒரு பிள்ளை திருப்பி வாசித்துக் காட்டினாள். இலக்கத்தை இரண்டு தரம் சொன்னாள். சரி என்றேன். எல்லாமே சரியாகத்தான் கேட்டது.

அன்று நான் சாப்பிடவில்லை. கணவர் பின்னேரம் மட்டையோடு திரும்பி வந்தார். சில பைக்கற்றுகள் வந்திருந்தன. காந்தம் வைத்துப் பார்த்தோம். சிலவற்றில் ஒன்றுமில்லை, சிலவற்றில் இருந்தது. ஒன்றுமில்லாதவற்றைப் பார்க்கும்போதும் எனக்கு ஆறுதல் வரவில்லை. இருக்கிறவை எங்கே இருக்கின்றன என்ற எண்ணம்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை விடிய முன்னமே பேப்பரை வாங்கிக்கொண்டு வந்து விரித்தேன். மேலே நல்ல இன ஆடு விற்பனைக்கு. கீழே வீடு வந்து ஆங்கிலம் கற்பிக்கப்படும். நடுவில் என்னுடையது, ஒரு எழுத்தும் பிழையில்லாமல். ரெலிபோனை மேசையில் வைத்துவிட்டு அதற்கு முன்னாலேயே இருந்தேன்.

முதல் கோல் வந்தது. சாவகச்சேரிப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர். "கடைக்கு எண்டால் என்ன விலைக்குத் தருவியள்?" என்றார். ஆள் மாறி எடுத்துவிட்டார் என்று நினைத்து விளக்கம் சொல்லி வைத்தேன். அடுத்தது ஒரு வயதானவர்: "எங்கடை பக்கம் கொண்டுவந்து தருவியளோ?" அதற்கடுத்ததாக ஒரு பெண் நல்ல கோபமாக, "சாப்பிடாமல் திருப்பித் தந்தால் இருமடங்கு எண்டு போட்டிருக்கிறியள். சாப்பிடாமல் ருசி பிடிக்கேல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது? ஆரை ஏமாத்துறியள்?" என்றாள்.

அப்போதுதான் பேப்பரைத் திரும்பவும் எடுத்து, அந்தப் பெண்ணின் கண்ணால் வாசித்தேன்.

எங்கள் ஊரில் கடைக்குப் போய் ஒரு சாமானை வேண்டுவது என்றால் வாங்குவது. வேணும் என்பது வேறு, வேண்டுவது வேறு. எனக்கு வேண்டியோர் என்றால் வாங்கியோர்தான், அண்ணைக்கும் அதுதான், ரெலிபோனில் திருப்பி வாசித்த பிள்ளைக்கும் அதுதானாக இருக்கும். ஆனால் பேப்பரில் அச்சடித்து, ஆட்டுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் வைத்துவிட்டால், சத்துமா வேண்டியோர் என்றால் சத்துமா தேவைப்படுவோர். சத்துமா வேணுமா, வாங்கிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் சாப்பிடாமல் திருப்பித் தாருங்கள், இருமடங்கு பணம் தருகிறோம். இதைவிட ஆணவமான வியாபார விளம்பரத்தை நானே எழுதியிருக்க முடியாது. 'வாங்கியோர்' என்று எழுதியிருந்தாலும் அது ஒரு சொல்தான். ஒரு சொல்கூடக் கூடியிருக்காது. நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொல்லையும் பிடித்து உலுப்பியிருந்தோம்.

இப்போது என் பயம் வேறு பயமாகிவிட்டது. நேற்று வரைக்கும், அவர்களுக்குத் தெரியாது என்று பயந்தேன். இன்றைக்கு அவர்கள் இதை வாசித்துவிட்டு, நாங்கள் வாங்கிய மா பேப்பரிலும் வந்திருக்கிறது, நல்ல மாதான் என்று நினைத்துக்கொண்டு அடுப்பை மூட்டுவார்கள். என் எட்டுச் சொல்லே அவர்களுக்குத் தைரியம் கொடுக்கும். கணவர் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். "தயவுசெய்து வாயை மூடுங்கோ" என்று கத்திவிட்டேன்.

ரெலிபோன் அடித்தது. இளம் குரல்.

"அக்கா, சத்துமா விளம்பரம் பார்த்தனான். எங்களுக்கு இன்னும் ரெண்டு பைக்கற் வேணும். போன ஞாயிறும் சந்தையிலை உங்களிட்டைத்தான் வேண்டினனான். நம்பரைப் பார்த்துத்தான் பிடிச்சனான். பிள்ளை நல்ல விருப்பமாச் சாப்பிடுறாள்."

"எப்ப குடுத்தனீங்கள்?" என்று ஒருமாதிரிக் கேட்டேன்.

"நேற்றும் குடுத்தனான். இப்பவும் காய்ச்சி ஆறவைச்சிருக்கிறன். இருங்கோ, மடியிலை இருந்துகொண்டு கிண்ணத்தை இழுக்கிறாள்…"

"குடுக்காதையுங்கோ!"

"என்னக்கா?"

"குடுக்காதையுங்கோ, பிள்ளை. கிண்ணத்தை அங்காலை வையுங்கோ. அதுக்குள்ளை கம்பி கிடக்கு. மில்லிலை சல்லடை கிழிஞ்சு கம்பி விழுந்துபோச்சு. ஒரு கரண்டியும் குடுக்காதையுங்கோ."

அந்தப் பக்கம் ஒரு கிண்ணம் நிலத்தில் வைக்கிற சத்தமும், குழந்தை அழத் தொடங்குகிற சத்தமும் கேட்டன. சாப்பாட்டைப் பறித்ததற்காக அழுகிறாள். அந்த அழுகையை வாழ்நாளில் நான் கேட்ட நல்ல சத்தங்களில் ஒன்றாக நினைக்கத் தோன்றியது. ஆனால் நேற்றுக் கொடுத்தது என்ன ஆனது என்ற நினைவு உடனே வந்து அதையும் கெடுத்துவிட்டது.

"விளம்பரத்திலை அப்பிடி ஒண்டும் போடேல்லையே, அக்கா" என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விளங்காமல்தான் கேட்டாள்.

"போடத்தான் பிள்ளை எழுதினனான். இடம் காணேல்லை" என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. இடம் காணவில்லை என்பது ஒரு பதிலா?

மிச்ச மாவை அரிதட்டில் போடச் சொன்னேன். ரெலிபோனை வைக்காமலே அவள் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. தட்டுவது நின்றது. "அக்கா, ஒண்டு கிடக்கு" என்றாள்.

நாங்கள் முச்சக்கரவண்டி பிடித்துக் கொடிகாமத்துக்கு ஓடினோம். அவள் வீட்டு ஒழுங்கையின் தலைப்பில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கணவர் கொழும்பில் வேலையாம், மாமியார் பக்கத்தில் நின்று என்னை வாய்விட்டுத் திட்டினார். திட்டியது எல்லாம் சரிதான். குழந்தை என் கழுத்தில் தொங்கிய சங்கிலியைப் பிடித்து இழுத்து விளையாடியது. ஆசுப்பத்திரியில் வயிற்றைப் படம் எடுத்தார்கள். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு இடத்தில் பேனாவால் காட்டினார். சின்னக் கோடு. பெரும்பாலும் தானாகவே போய்விடும், ஆனால் வயிற்றுநோவோ, வாந்தியோ, மலத்தில் இரத்தமோ கண்டால் உடனே கொண்டுவர வேண்டும், வெள்ளிக்கிழமை காலமை திரும்பப் படம் எடுக்க வேண்டும் என்றார். பெரும்பாலும் என்ற அந்தச் சொல்லை யாராவது வெட்டியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

அங்கிருந்து நேரே அண்ணையின் கடைக்குப் போனேன். அவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். நான் சொல்லத் தேவையில்லை, அவருக்கும் காலமை யாரோ கோல் எடுத்து அந்த மாவுக்கு முகவர் நீங்களோ என்று கேட்டிருக்கிறார்கள். பெட்டி விளம்பரத்தில் இடம் தாராளமாகக் கிடந்தது. நான் முதல் வரியில் 'குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்' என்று எழுதினேன். இரண்டாவது வரியில் கம்பி. வாங்கியோர் என்பதை நானும் அவரும் மாறி மாறிச் சத்தமாக வாசித்தோம். கடைக்கு வந்திருந்த ஒருவரிடமும் கொடுத்து, இது விற்கிற விளம்பரமா, திருப்பிக் கேட்கிற விளம்பரமா என்று கேட்டோம். அவர் எங்களை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, "திருப்பிக் கேக்கிறது" என்றார்.

புதன்கிழமை பைக்கற்றுகள் வரத் தொடங்கின. பஸ்ஸில் கொடுத்துவிட்டார்கள், சைக்கிளில் கொண்டுவந்தார்கள். பாதிக்குமேல் வந்துவிட்டன. மிச்சம் வரவில்லை. அவை எறியப்பட்டனவா, உண்ணப்பட்டனவா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாத இலக்கத்தில் இருந்து கோல் வந்தால் இப்போதும் நான் உடனே எடுப்பதில்லை. ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.

அந்தப் பிள்ளை, அந்த இளம் தாய், ஒவ்வொரு நாளும் காலமை எனக்குக் கோல் எடுத்தாள். நான்தான் அப்படிக் கெஞ்சிக் கேட்டிருந்தேன். "சுகமா இருக்கிறாள், அக்கா. விளையாடுறாள்" என்பாள். அதைக் கேட்டால் மத்தியானம் வரைக்கும் எனக்குச் சீவன் இருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு திரும்பவும் பயம் ஏறும்.

வெள்ளிக்கிழமை காலமை படம். எடுத்த உடனே சொல்லுகிறேன் என்றிருந்தாள். பத்து மணியானது, கோல் இல்லை. ஆசுப்பத்திரியில் சனமாக இருக்கும் என்று கணவர் சொன்னார். மத்தியானம் ஆனது. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அதன் முன்னால் இருந்தேன். பின்னேரமானது. நானே எடுக்கலாம்தானே. எடுக்கப் பயம். அவள் அழுதுகொண்டு பேசினால் நான் என்ன சொல்லுவேன்? எடுக்காமல் மாமியார் எடுத்தால்? ரெலிபோனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக, குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். நல்லூரானுக்கு நேர்ந்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கும் நேர்ந்தேன். விளக்கு வைக்கிற நேரம் வந்ததும் இனித் தாங்கமாட்டேன் என்று அழுத்திவிட்டேன். அந்தப் பக்கம் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஹலோ, ஆரு?" அவள்தான். பின்னால் ரீவிச் சத்தம். குழந்தை எதையோ அடித்துக் கூச்சலிடுகிற சத்தம்.

"பிள்ளை, நான். படம்… என்ன சொன்னவை?"

"ஐயோ, அக்கா! காலமையே எடுத்துப்போட்டம். ஒண்டும் இல்லையாம், எல்லாம் வெளியிலை போட்டுதாம். பிறகு வரேக்கை இவளுக்குச் சப்பாத்து வேண்டப் போய், அங்காலை என்ரை சிநேகிதி ஒருத்தியைக் கண்டு, கதைச்சுக்கொண்டு நிண்டதிலை…" அவள் சிரித்தாள். "உங்களுக்குச் சொல்ல மறந்துபோனன்."

நான் அவளை வாயில் வந்தபடி ஏசினேன். எட்டுச் சொல்லுக்குள் அடங்குகிற ஏச்சு இல்லை அது. அவளும் பாவம், கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏசி முடியும் முன்னமே எனக்கு அழுகை வந்துவிட்டது. மறந்துபோனாளாம். அவள் மறந்துபோகிற அளவுக்குக் குழந்தை நல்லாயிருக்கிறது.